அறை சிறிது, திரை பெரிது

போனில் ஓடிக் குதித்து விளையாடும் 2டி கேம் ஒன்றில் நாயகனை இடது ஓரம் வரை நடத்திக்கொண்டு போங்கள். ஒழுங்காகச் செய்த கேம் என்றால் ஓரம் நெருங்கியதும் காட்சி நகர்வது நின்றுவிடும். நாயகன் மட்டும் மேலே நடந்துபோய்ச் சுவரில் முட்டி நிற்பான். அரைகுறையாகச் செய்ததென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெற்றுப் பட்டை தெரியும். அங்கே செங்கலும் இருக்காது, வானமும் இருக்காது. யூனிட்டியில் செய்த கேமில் அது பெரும்பாலும் ஒரு மங்கல் நீலம். கோடோவில் செய்ததில் சாம்பல். ஓவியர் யாரும் தேர்ந்தெடுத்த நிறமல்ல அது. அடுத்த படத்தை வரைவதற்கு முன் திரையைத் துடைக்க அந்தந்த மென்பொருள் தானாக வைத்திருக்கும் நிறம்.

துடைக்காமலே விட்டால் இன்னும் வேடிக்கை. 1993இல் வந்த டூம் கேமில், வரைய எதுவும் இல்லாத இடத்தில் முந்தைய படங்களின் மிச்சம் அப்படியே தங்கி, நடக்க நடக்க இழுபட்டுக்கொண்டே போகும். 'ஹால் ஆஃப் மிரர்ஸ்' என்று அந்தக் கோளாறுக்குப் பெயரே உண்டு.

இந்த வெறுமை எப்படித் தெரியவருகிறது என்பதற்கு, ஒரு பெரிய படத்தின் மேல் சதுர ஓட்டை போட்ட அட்டையை நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். படம்தான் லெவல், ஓட்டைதான் கேமரா. நாயகன் எங்கே போகிறானோ அங்கே ஓட்டையின் நடுப்புள்ளி போகும். நாயகன் படத்தின் விளிம்புக்கே போய்விட்டால் ஓட்டையின் ஒரு பாதி படத்தை விட்டு வெளியே வந்துவிடும். அடியிலிருக்கும் மேசை தெரியும்.

இதைத் தடுப்பது பழைய வித்தை. நாயகன் எங்கே போனாலும் கேமராவின் நடுப்புள்ளி ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று கட்டிப்போடுவார்கள். கேம் செய்கிறவர்கள் இதை கிளாம்ப் செய்வது என்பார்கள். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் லெவல் தொடங்கும்போது மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்பான். அவன் திரையின் நடுப்பகுதியை நெருங்கும் வரை காட்சி அசையாது; பிறகுதான் உருளத் தொடங்கும். மஷ்ரூம் 11 கேமை உருவாக்கிய இட்டாய் கெரன், 2015இல் ஜிடிசி மாநாட்டில் பக்கவாட்டு கேம்களின் கேமராக்களை வகைபிரித்துப் பேசினார். விளிம்பில் இப்படி நின்றுவிடும் வகைக்கு அவர் வைத்த பெயர் எட்ஜ் ஸ்னாப்பிங்.

புதிதாகக் கேம் எழுதுகிறவர்கள் முதலில் சறுக்கும் இடமும் இதுவே. லெவல் 0இல் தொடங்கி 1600 பிக்சலில் முடிகிறது என்றால், கேமராவையும் 0க்கும் 1600க்கும் இடையே கட்டிப்போடுகிறார்கள். கட்டிப்போட்ட பிறகும் வெற்றுப் பட்டை தெரிகிறதே என்று தலையைச் சொறிகிறார்கள். கட்ட வேண்டியது நடுப்புள்ளியை. வெளியே எட்டிப்பார்ப்பதோ ஓரம். திரை 320 பிக்சல் அகலத்தைக் காட்டுகிறது என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு 160. ஆகவே நடுப்புள்ளி 160க்குக் கீழேயும் போகக் கூடாது, 1440க்கு மேலேயும் போகக் கூடாது. இரண்டு பக்கமும் பாதித் திரையைக் கழித்துக்கொள்ள வேண்டும். யூனிட்டியில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அங்கே orthographicSize என்று எழுதியிருப்பது திரையின் உயரத்தில் பாதி. அதைத் திரையின் அகல-உயர விகிதத்தால் பெருக்கினால்தான் அகலத்தில் பாதி கிடைக்கும். முழு உயரம் என்று நினைத்து இன்னொரு முறை இரண்டால் வகுத்தவர்களின் கேமில் ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் வெறுமை ஒட்டிக்கொண்டிருக்கும். கோடோவில் இந்தக் கழித்தல் வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. கேமராவின் நான்கு பக்க எல்லையை மட்டும் நாம் கொடுத்தால் போதும். கொடுக்க மறந்தால் அது தானாக வைத்திருக்கும் எல்லை ஒவ்வொரு பக்கமும் ஒரு கோடி. எல்லையே இல்லை என்பதற்கு அது ஒரு நாசூக்கான வழி.

இதுவரை சொன்னது பாடப்புத்தகச் சங்கதி. தகராறு தொடங்குவது ஓட்டை படத்தைவிடப் பெரிதாகும்போது.

மாரியோ காலத்தில் இந்தக் கவலை இல்லை. நின்டெண்டோவின் பெட்டி காட்டியது 256க்கு 240 பிக்சல், எல்லா வீட்டு டிவியிலும் அவ்வளவேதான். 16 பிக்சல் சதுரக் கட்டங்களை அடுக்கினால் குறுக்கே சரியாக 16 கட்டம். எந்த லெவலையும் அதைவிடக் குறுகலாகச் செய்யாவிட்டால் போதும், பிரச்சினை முடிந்தது. அந்தக் கட்டுப்பாட்டை இன்றும் விரும்பியே வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. 2018இல் வந்த செலஸ்டே 320க்கு 180 பிக்சலில் வரையப்படுகிறது. கட்டம் ஒன்று 8 பிக்சல். 180ஐ எட்டால் வகுத்தால் இருபத்திரண்டரை வருகிறது, அரைக் கட்டம் வைக்க முடியாது. அதனால் அதன் மிகச் சிறிய அறை 40க்கு 23 கட்டம். உயரம் 184, திரையைவிட நான்கு பிக்சல் கூடுதல். எந்த அறையும் திரையைவிடச் சிறிதாக வராது என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தாயிற்று.

போனுக்குக் கேம் செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. 2017 வாக்கில் 16:9 போன்கள் மெல்ல ஒதுங்கி, 18:9, 19.5:9, 20:9 என்று நீண்டுகொண்டே போயின. உயரத்தை 180 பிக்சல் என்று மாறாமல் வைத்துக்கொண்டால் பழைய 1920க்கு 1080 போனில் அகலம் 320 தெரியும். 2400க்கு 1080 போனில் 400 தெரியும். இரண்டிலும் கேமின் ஒரு பிக்சல் திரையின் ஆறு புள்ளிக்குச் சமம். படம் கூர்மையாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் 80 பிக்சல், அதாவது ஐந்து கட்டம், கூடுதலாகத் தெரியும்.

இப்போது 16 பிக்சல் கட்டங்களில் 22 கட்டம் அகலமுள்ள ஒரு சின்ன அறையை எடுத்துக்கொள்வோம். கடைசி வில்லன் காத்திருக்கும் அறை என்றே வைத்துக்கொள்ளலாம். அகலம் 352 பிக்சல். பழைய போனில் கேமராவின் நடுப்புள்ளி 160க்கும் 192க்கும் இடையே நகரும். கோளாறு எதுவும் இல்லை. புதிய போனில் பாதித் திரை 200. குறைந்தபட்ச எல்லை 0 கூட்டல் 200, அதாவது 200. அதிகபட்ச எல்லை 352 கழித்தல் 200, அதாவது 152. குறைந்தபட்சம் அதிகபட்சத்தைவிடப் பெரிதாகிவிட்டது. இப்படி ஒரு எண் இருக்கவே முடியாது. ஆனாலும் கேமரா எங்கேயாவது நின்றாக வேண்டும்.

எங்கே நிற்கும் என்பது கிளாம்ப் என்ற செயலை எழுதியவரின் மனப்போக்கைப் பொறுத்தது. யூனிட்டியின் Mathf.Clamp முதலில் ஒரு கேள்வி கேட்கும்: எண் குறைந்தபட்சத்தைவிடச் சிறிதா? ஆம் என்றால் குறைந்தபட்சத்தைக் கொடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்ளும். இல்லை என்றால்தான் அதிகபட்சத்தோடு ஒப்பிடும். நம் நாயகன் அறையின் இடது மூலையில், 50இல் நிற்கிறான். 200ஐவிடச் சிறிது, கேமரா 200க்குப் போகிறது. அறை திரையின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ள, வலப்பக்கம் 48 பிக்சல் வெறுமை. நாயகன் 100, 150, 199 என்று நடந்து வருகிறான்; கேமரா அசையவில்லை. 200ஐத் தொடுகிறான். இப்போது அவன் குறைந்தபட்சத்தைவிடச் சிறியவன் அல்ல. ஆனால் 152ஐவிடப் பெரியவன். கேமரா ஒரே தாவலில் 152க்கு வந்துவிடுகிறது. மொத்த அறையும் திரையில் 48 பிக்சல் வலப்பக்கம் குதிக்க, வெறுமை இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. வில்லன் எறியும் கல்லைத் தவிர்க்க நாயகன் அந்தப் புள்ளியிலேயே முன்னும் பின்னும் அசைந்தால் அறை முழுக்க உதறிக்கொண்டிருக்கும். விளையாடுகிறவர் இதை நிலநடுக்கம் என்றோ போன் பழுது என்றோ நினைப்பாரே தவிர, ஒரு கழித்தல் கணக்கு தலைகீழானது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

வேறு மொழிகளில் வேறு கூத்து. ஜாவாஸ்கிரிப்ட்டில் பலரும் Math.max, Math.min இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எழுதுவார்கள். max வெளியே இருந்தால் கேமரா எப்போதும் குறைந்தபட்சத்தில் நிற்கும், அறை இடப்பக்கம் ஒட்டும்; min வெளியே இருந்தால் அறை வலப்பக்கம் ஒட்டும். உதறல் இல்லை என்பதால் இது பல நாள் கண்ணில் படாமலே ஓடும். சி ஷார்ப் மொழியில் Math.Clamp என்றொரு செயல் உண்டு, யூனிட்டியின் Mathf.Clampஇலிருந்து பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். எல்லைகள் தலைகீழாக வந்தால் அது பிழை என்று அறிவித்து வேலையை நிறுத்திவிடும். சி பிளஸ் பிளஸ்ஸில் std::clamp என்ன செய்யும் என்பதற்கு அந்த மொழியின் விதியே உத்தரவாதம் தருவதில்லை. என்னைக் கேட்டால் சத்தம் போட்டு நிற்பதுதான் மேல். அமைதியாகத் தப்பான விடை தருகிற செயல், கேம் கடைக்குப் போன பிறகுதான் மாட்டிக்கொள்கிறது.

தீர்வு மூன்று நான்கு வரிதான். கிளாம்ப் செய்வதற்கு முன் எல்லைகள் தலைகீழாகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். ஆகியிருந்தால் நாயகனை மறந்துவிட்டு, கேமராவை அறையின் நட்டநடுவில் நிறுத்திவிட வேண்டும்.

```
float halfW = cam.orthographicSize * cam.aspect;
float minX = left + halfW;
float maxX = right - halfW;
float x = (minX > maxX)
    ? (left + right) / 2f
    : Mathf.Clamp(target.x, minX, maxX);
```

நம் அறையில் நடுப்புள்ளி 176. கேமரா அங்கே நின்றால் இரண்டு பக்கமும் 24, 24 பிக்சல் வெறுமை. நடுவே நிறுத்துவதற்கு அழகு மட்டும் காரணமல்ல. கேமில் கேமரா மெல்லப் பின்வாங்கி அறை முழுவதையும் காட்டும் கட்டம் ஒன்று வருகிறது என்று வையுங்கள். திரையில் தெரியும் அகலம் 320, 330, 340 என்று வளர வளர, இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அகலம் 352ஐத் தொடும் கணத்தில் இரண்டும் சேரும் இடம் அதே 176. அதற்கு மேல் திரை எவ்வளவு அகன்றாலும் கேமரா அதே இடத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் சமமாக விரியும். எந்தக் கணத்திலும் தாவல் இல்லை.

அகலத்துக்கு ஒரு கணக்கு, உயரத்துக்கு வேறு கணக்கு என்பதை இங்கே மறக்கக் கூடாது. நீண்ட தாழ்வாரம் அகலத்தில் திரையைவிடப் பெரிதாகவும் உயரத்தில் சிறிதாகவும் இருக்கும். கிணறு மாதிரியான லெவல் அதற்கு நேர் எதிர். ஒரு திசையில் மட்டும் நடுவில் நிறுத்தி, மறு திசையில் வழக்கம்போல் பின்தொடர வேண்டும். உயரத்துக்கு வரும்போது எல்லா இடத்திலும் நடுவில் நிறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து. மூடிய அறை என்றால் நடுவே நிற்கட்டும். வெட்டவெளி லெவல் என்றால் தரையைத் திரையின் அடியோடு சேர்த்து ஒட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் மேலே தள்ளிவிடுவது நல்லது. மேலே வானம், எவ்வளவு நீட்டினாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நடுவில் நிறுத்தினால் தரைக்குக் கீழே ஒரு கீற்று வெறுமை தெரியும். நிலம் அந்தரத்தில் தொங்குவதுபோல இருக்கும்.

நடுவில் நிறுத்தியதும் உதறல் போய்விட்டது. 24 பிக்சல் வெறுமை போகவில்லை. அதை மூட இரண்டு வழி. ஒன்று, கேமராவை முன்னால் கொண்டுபோய் 352 பிக்சல் மட்டும் திரையை நிறைக்கும்படி செய்வது. கணக்கு எளிது, ஆனால் விலை உண்டு. உயரம் 180இலிருந்து 158 சொச்சமாகக் குறையும்; மேலும் கீழுமாக ஒரு கட்டத்துக்கு மேல் காணாமல் போகும். ஒரு பிக்சலுக்கு ஆறு புள்ளி என்றிருந்தது 6.8 புள்ளி ஆகிவிடும். அரைப்புள்ளி என்று திரையில் எதுவும் இல்லாததால் சில பிக்சல் ஆறு புள்ளியாகவும் சில ஏழு புள்ளியாகவும் வரும். நாயகன் நடக்கும்போது முகம் நெளியும். பிக்சல் ஓவியம் பழகிய கண்ணுக்கு இது வெற்றுப் பட்டையைவிட உறுத்தல். வழவழவென்று வரைந்த ஓவியம் என்றால் இந்த வழியில் தப்பில்லை.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. அறை முடிகிற இடத்தோடு ஓவியத்தை நிறுத்தாமல் சுவரை வெளிப்புறமாக இரண்டு கட்டம் கூடுதலாக வரைந்துவிடுவது. நாயகன் நடமாடும் எல்லை 352தான். வரைந்திருப்பது அதற்கு இருபுறமும் 32 பிக்சல் கூடுதல். கேமராவின் கணக்கு பழைய எல்லையோடுதான் நடக்கும். வழிகிற 24 பிக்சலில் வெறும் நீலத்துக்குப் பதில் செங்கல் தெரியும். அதற்கும் மேல் அகலமான திரை வந்தால் என்று கேட்கலாம். அப்போதைக்குத் துடைக்கும் நிறத்தைக் கறுப்பாகவோ சுவரின் இருட்டு நிறமாகவோ மாற்றி வைத்திருந்தால் போதும். மங்கல் நீலத்தை அப்படியே விட்டுவைப்பதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

கூடுதல் செங்கலுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. வில்லன் தரையில் ஓங்கி மிதித்தால் திரை அதிரும். அந்த அதிர்வைப் பல கேம்களும் கடைசியில்தான் சேர்க்கும்: நாயகனைப் பார், எல்லைக்குள் கட்டு, மெல்ல நகர்த்து, பிறகு உலுக்கு. கட்டிய பிறகு உலுக்குவதால் கேமரா எல்லையைத் தாண்டி எட்டிப்பார்த்துவிடும். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனாலும் சுவரோரத்தில் நீலம் பளிச்சிடும். உலுக்கிய பிறகு மறுபடி கட்டினால் பளிச்சிடாது. பதிலுக்கு, சுவரருகே நிற்கும்போது அதிர்வு பாதியாக வெட்டுப்பட்டு ஒரே பக்கம் இடிப்பதுபோல் ஆகிவிடும். ஆறு பிக்சல் அதிர்வு என்றால் 24 கூட்டல் 6, ஆக 30. வரைந்து வைத்த 32க்குள் அடங்கிவிட்டது. அதிர்வை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

மெல்ல நகர்த்துவதில் மட்டும் ஒரு எச்சரிக்கை. போக வேண்டிய இடத்தை முதலில் எல்லைக்குள் கட்டிவிட்டு, ஒவ்வொரு முறையும் மிச்ச தூரத்தில் ஒரு பங்கை நகர்த்தினால் கேமரா வெளியே போகாது. இரண்டு நல்ல இடங்களுக்கு நடுவே இருக்கும் இடமும் நல்ல இடமே. ஸ்பிரிங் மாதிரி இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்பி வரும் வகை என்றால், நகர்த்திய பிறகு இன்னொரு முறை கட்ட வேண்டும்.

எல்லைக் கணக்கை லெவல் தொடங்கும்போது ஒரு முறை போட்டு வைத்துக்கொள்வதும் பரவலான தவறு. விளையாட்டின் நடுவே மடிப்பு போனை விரித்தால் திரையின் வடிவமே மாறிவிடும். கேமரா பின்வாங்கினாலும் பாதித் திரை மாறும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு கட்டினால் பட்டை திரும்ப வந்துவிடும். நான்கைந்து கூட்டல் கழித்தல்தானே, ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகப் போட்டால் போன் ஒன்றும் களைத்துவிடாது. யூனிட்டியின் சினிமெஷின் மட்டும் இதில் விதிவிலக்கு. கோணல்மாணலான லெவல்களுக்கும் எல்லை கட்டித்தரும் கருவி அதில் உண்டு. அந்தக் கணக்கு கனமானது என்பதால் அது விடையைச் சேமித்து வைத்துக்கொள்ளும். வடிவமோ கேமராவின் அளவோ மாறினால் சேமித்ததை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

கேம் செய்கிறவர்கள் சோதிக்கும்போது துடைக்கும் நிறத்தைக் கண்ணைக் குத்தும் ரோஜா நிறமாக வைத்துக்கொள்ளுங்கள்; வெறுமை ஒரு பிக்சல் எட்டிப்பார்த்தாலும் மாட்டிக்கொள்ளும். கேமிலேயே சின்ன அறையை, கைக்குக் கிடைக்கிற மிக நீண்ட திரையில் திறந்து, நான்கு மூலைக்கும் நடந்து, நடுவில் நின்று இப்படியும் அப்படியும் அசைந்து பாருங்கள். பெரிய லெவலில் சோதித்தால் இந்தக் கோளாறு வெளியே வரவே வராது. விளையாடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓரத்தில் பட்டை தெரிந்தாலோ அறை உதறினாலோ, ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகாமல், எந்த அறை, எந்த மாடல் போன் என்று இரண்டு சொல் எழுதிவிடுங்கள். செய்தவருடைய போனில் அது தெரிந்திருக்காது.